வரி ஓடக் கூடாது, நிற்க வேண்டும்
– ஒரு நிமிஷக் கவிதை வீடியோ செய்த கதை



போன மழைக்காலத்தில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவருக்கு மூன்று ஆடுகள் அடுத்தடுத்து செத்துப் போயின. ஆடு வாங்கத்தான் அவர் குழுவில் கடன் வாங்கியிருந்தார். இரண்டு தவணை நின்றது. அதோடு அவர் கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். தெருவில் பார்த்தால்கூட தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். “எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது?” என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

கூட்டத்தில் இதைப் பேசினோம். நேரே போய்க் கூப்பிட்டால் கடன் கேட்க வந்ததாக நினைப்பார் என்று சிலர் தயங்கினார்கள். அப்போதுதான் செயலாளரின் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், “ஒரு சின்னக் கவிதை எழுதி வீடியோவாப் போடலாமே அத்தை? பேர் சொல்ல வேண்டாம். குழு வாட்ஸ்அப்புல எல்லாருக்கும் போகட்டும்” என்றாள். எட்டு வரியில் கவிதை தயாரானது. அன்று இரவே வீடியோவும் வந்துவிட்டது. 25 வினாடிதான். அழகாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினோம். இளையவர்கள் கை தட்டினார்கள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட எங்கள் மூத்த அக்கா மட்டும் எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு, “நல்லாத்தான் இருக்கு. நான் முதல் வார்த்தையைக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள எழுத்து ஓடிப்போயிருது. எனக்கெல்லாம் இது வராது போல” என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. ‘உன்னால் முடியும்’ என்று சொல்ல வந்த வீடியோ, அந்த அக்காவிடம் ‘உன்னால் முடியாது’ என்று சொல்லிவிட்டது. யாருக்காகச் செய்தோமோ அந்த உறுப்பினரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவருக்கும் இதுதானே நடக்கும்?

வீடியோவை அனுப்பாமல் நிறுத்தி வைத்தோம். மறுபடி செய்தோம். அதில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லவே இந்தக் கட்டுரை.

செய்தவருக்கு நேரம் தெரியாது

முதல் தவறு எங்கே நடந்தது தெரியுமா? ஒவ்வொரு வரியும் திரையில் இரண்டரை வினாடிதான் நின்றது. செய்த பெண்ணுக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. காரணம், அந்தக் கவிதை அவளுக்கு மனப்பாடம். வரியைப் பார்த்ததும் அவள் படிக்கவில்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிறாள். எழுதியவர், செய்தவர், ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவர் யாராலும் நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. அதைப் புதிதாகப் பார்ப்பவரை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சினிமாவுக்கும் டிவிக்கும் வசனத்தைக் கீழே எழுத்தாகப் போடுகிறவர்கள், இரண்டு வரி நிறைய எழுத்து இருந்தால் சுமார் 6 வினாடி நிற்க வேண்டும் என்று வெகுகாலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது சரளமாகப் படிக்கிறவர்களுக்கான கணக்கு. நமக்கு நம் குழுவின் கணக்குதான் வேண்டும்.

அதற்கு ஒரு செலவும் இல்லை. எட்டு வரியையும் தனித்தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதினோம். கவிதையை முன்னால் பார்க்காத, மெதுவாகப் படிக்கிற உறுப்பினர் இரண்டு பேரிடம் ஒவ்வொரு தாளாகக் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். ஒருவர் செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு வினாடியைக் குறித்துக்கொண்டார். இருவரில் யாருக்கு அதிக நேரம் ஆனதோ அதையே எடுத்துக்கொண்டோம். “பரீட்சை உங்களுக்கு இல்ல அக்கா, எங்க வீடியோவுக்குத்தான்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூச்சத்தில் அவசரமாகப் படிப்பார்கள், கணக்கு தப்பாகிவிடும்.

அந்த நேரத்தோடு ஒரு வினாடி கூட்டிக்கொள்ளுங்கள். புது வரி வந்ததைக் கண் பார்த்து, அதன் முதல் எழுத்துக்குப் போய்ச் சேர அந்த ஒரு வினாடி வேண்டும். ஒரு வரி மறைந்த பிறகு அடுத்த வரி வருமுன் இன்னொரு வினாடி திரையை வெறுமையாக விடுங்கள். படித்தது மனசில் இறங்குவது அந்த ஒரு வினாடியில்தான்.

வார்த்தையை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள்

அளந்து பார்த்ததில் ஒரு விஷயம் எங்களுக்கு வியப்பாக இருந்தது. மூன்றே வார்த்தை உள்ள ஒரு வரிதான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. ‘நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்’ என்ற கடைசி வரி அது. அக்கா ‘உட்-கார்ந்-திருக்-’ என்று பாதியில் நின்று, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். அந்த ஒரு வார்த்தைக்கே 5 வினாடி ஆனது.

நம் தமிழில் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு நீளமாகிவிடும். பேசும்போது தெரியாது, எழுத்துக் கூட்டும்போதுதான் தெரியும். நடுவில் புள்ளி வைத்த எழுத்து அதிகமாக வந்தால் இன்னும் கஷ்டம். அதனால் அந்த வரியை ‘நாங்க பக்கத்துல இருக்கோம்’ என்று மாற்றினோம். 4 வினாடியில் படித்துவிட்டார். பொருளும் குறையவில்லை. சொல்லப்போனால், நாம் பேசுகிற மாதிரியே இருந்ததால் நெருக்கம் கூடியது. ஆறாவது வரியில் ‘ஒரு மழை போதும் அது தளிர்த்தெழ’ என்று இருந்தது. ‘ஒரு மழை போதும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒரு வரி 6 வினாடிக்கு மேல் கேட்டால் அதை உடைக்க வேண்டும் அல்லது சுருக்க வேண்டும். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் காத்திருப்பது அலுப்பாகிவிடும்.

எங்கள் வீடியோவின் நேரக் கணக்கு

கடைசியில் இப்படி அமைந்தது. தொடக்கத்தில் 2 வினாடி சத்தம் மட்டும். பிறகு ‘பாயில் உன் இடம்’ என்ற தலைப்பு 4 வினாடி. ஒரு வினாடி இடைவெளி. அதன்பின் வரிகள்:

செவ்வாய்க்கிழமை பாய் விரிச்சோம் – 0:07 முதல் 0:13 வரை
உன் இடம் காலியா இருக்கு – 0:14 முதல் 0:19 வரை
ஆடு செத்தது உன் குத்தமில்ல – 0:20 முதல் 0:25 வரை
கடனுக்கு வழி பேசலாம் – 0:26 முதல் 0:30 வரை
காஞ்ச வரப்புல அறுகு கிடக்கு – 0:31 முதல் 0:37 வரை
ஒரு மழை போதும் – 0:38 முதல் 0:42 வரை
வந்து கையெழுத்துப் போடு – 0:43 முதல் 0:48 வரை
நாங்க பக்கத்துல இருக்கோம் – 0:49 முதல் 0:54 வரை

ஒரு வினாடி விட்டு, குழுவின் பெயர் 4 வினாடி. மொத்தம் 59 வினாடி. முதலில் செய்த 25 வினாடி வீடியோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பார்த்தவர் யாரும் நீளம் என்று சொல்லவில்லை.

இந்த நேரப் பட்டியலை முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு செல்போனைத் தொடுங்கள். நாங்கள் கைன்மாஸ்டர் என்ற செயலியில் செய்தோம். முதலில் Media என்ற இடத்தில் பின்னணிப் படத்தைப் போட்டு அதை 59 வினாடிக்கு இழுத்துவிட வேண்டும். பிறகு Layer, அதற்குள் Text என்று போய் ஒரு வரியைத் தட்டச்சு செய்தால், கீழே அது ஒரு பட்டையாக வரும். பட்டையின் இரண்டு நுனிகளையும் நகர்த்தி, நோட்டில் எழுதிய நேரத்தில் நிறுத்த வேண்டும். எட்டு வரிக்கு எட்டுப் பட்டை. வேறு செயலியில் செய்தாலும் முறை ஏறக்குறைய இதேதான்.

எழுத்தைக் கண் தேடக் கூடாது

பின்னணிக்கு ஒரே ஒரு படம் வைத்தோம். கூட்டத்துப் பாய், அதில் ஒரு காலி இடம். யார் முகமும் இல்லை. முதல் வீடியோவில் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற காட்சி இருந்தது. அசைகிற எதையும் கண் பின்தொடரும். எழுத்தை விட்டுத் தண்ணீரைப் பார்க்கும். படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, எழுத்தை வெள்ளையில் போட்டோம்.

எட்டு வரியும் திரையின் நடுவில் ஒரே இடத்தில் வரட்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறினால் ஒவ்வொரு தடவையும் தேடுவதிலேயே நேரம் போய்விடும். ரொம்பக் கீழேயும் வைக்க வேண்டாம். ஸ்டேட்டஸில் போடும்போது அந்த இடத்தில் வேறு எழுத்துகள் வந்து மறைக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எழுத்து ஒவ்வொன்றாகத் துள்ளி வருகிற அலங்காரம் எல்லாச் செயலியிலும் இருக்கிறது. தமிழுக்கு அது ஒத்துவராது. ‘கொ’ என்பது நமக்கு ஒரே எழுத்து. ஆனால் செல்போனுக்குள் அது ‘க’ ஒன்று, அதன் குறி ஒன்று என்று இரண்டாக இருக்கிறது. ஒவ்வொன்றாகக் காட்டும்போது சில செயலிகளில் முதலில் ‘க’ வந்து நிற்கும், பிறகுதான் கொம்பும் காலும் சேரும். புள்ளியும் இப்படித்தான் பிந்தி வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ‘க’ என்று படித்த பிறகு அது ‘கொ’ என்று மாறினால் குழம்பிப்போவார். அதனால் வரி முழுவதும் ஒன்றாக, மெதுவாகத் தெளிந்து வந்து, மெதுவாக மங்கி மறையட்டும். அரை வினாடி போதும்.

சரிபார்ப்பது எப்படி? செல்போனை ஒரு கை நீட்டிய தூரத்தில் பிடித்து, வெள்ளெழுத்து உள்ள ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

சத்தம்: இருக்க வேண்டும், தெரியக் கூடாது

முதல் வீடியோவில் சினிமாப் பாட்டின் இசை இருந்தது. இரண்டு சிக்கல். ஒன்று, அந்தப் பாட்டுத் தெரிந்தவர்கள் மனசுக்குள் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கவிதை காதில் ஏறவில்லை. இரண்டு, அந்த இசைக்கு உரிமையாளர் வேறு ஒருவர். யூடியூபில் ஏற்றினால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும். சத்தத்தை நிறுத்திவிடலாம், வீடியோவையே முடக்கிவிடலாம்.

அதனால் நாங்களே பதிவு செய்தோம். பம்புசெட் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். விட்டுவிடாமல், ஏறி இறங்காமல் ஒரே சீராகப் போகிற சத்தம்தான் படிப்பதற்கு ஏற்றது. திடீரென்று ஒரு நாய் குரைத்தால், ஒரு ஹாரன் அடித்தால், கண் எழுத்தை விட்டுவிடும். அடுத்த ஒரு வினாடி வீண்.

செல்போனை ‘ஏரோபிளேன்’ நிலையில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் போன் வந்து பதிவு அறுந்துபோகும். கையில் பிடிக்காமல், மடித்த துண்டின் மேல் வையுங்கள். கை லேசாக அசைந்தாலும் கரகர என்று பதிவாகும். காற்று நேராக மைக்கில் அடித்தால் புஸ்புஸ் என்று வரும். அதற்கு ஒரு மெல்லிய பருத்தித் துணியை மேலே போர்த்தினால் குறையும். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வேண்டாம், நாற்பது ஐம்பது அடி தள்ளி வாய்க்கால் ஓரத்தில் வைத்தால் தண்ணீர் மட்டும் கேட்கும்.

வீடியோ ஒரு நிமிஷம் என்றால் சத்தம் மூன்று நிமிஷம் பதிவு செய்யுங்கள். முதலிலும் கடைசியிலும் நம் காலடிச் சத்தம் இருக்கும், அதை வெட்டிவிடலாம். குறைவாகப் பதிவு செய்து இரண்டு தடவை ஓட்டினால், ஒட்டுப் போட்ட இடத்தில் ‘டக்’ என்று கேட்கும்.

எங்கள் முதல் பதிவை வீணாக்கியது எது தெரியுமா? கோவில் ஒலிபெருக்கி! விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று போனோம், மார்கழி மாதம் என்பதை மறந்துவிட்டோம். தூரத்தில் லேசாகக் கேட்ட பக்திப் பாட்டு பதிவில் இருந்தது. அதற்கும் உரிமையாளர் உண்டு, லேசாகக் கேட்டாலும் கம்ப்யூட்டர் பிடித்துவிடலாம். மத்தியானம் போய் மறுபடி பதிவு செய்தோம்.

சத்தத்தின் அளவை, முழுசாக 100 என்றால் 20 அளவில் வைத்தோம். தொடக்கத்தில் 2 வினாடி மெல்ல ஏறி, கடைசியில் 3 வினாடி மெல்ல இறங்கும்படி செய்தோம். ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நம் உறுப்பினர்கள் செல்போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அது சின்னது, ஆழமான ஓசைகள் அதில் வராது. பார்த்து முடித்தவரிடம் “என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேளுங்கள். வரியைச் சொன்னால் அளவு சரி. “தண்ணி சத்தம் நல்லாருக்கு” என்று அதை முதலில் சொன்னால் குறைக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு வேலைதான். வெறும் திரை வருகிற ஒரு வினாடியில் ‘வீடியோ நின்றுவிட்டதோ’ என்று யாரும் கையால் தட்டிப் பார்க்காமல் காத்திருக்க வைப்பது.

படிக்கவே தெரியாதவர்களுக்கு?

இது நியாயமான கேள்வி. நேரத்தை எவ்வளவு நீட்டினாலும், எழுத்தே தெரியாதவருக்கு இந்த வீடியோ போய்ச் சேராது. எங்கள் குழுவில் அப்படி மூன்று பேர். அவர்களுக்காக இன்னொரு பிரதி செய்தோம். அதில் ஒவ்வொரு வரியும் தெரிந்து அரை வினாடி கழித்து, ஒரு உறுப்பினர் தன் குரலில் நிதானமாகப் படிப்பார். எழுத்து அப்படியே இருக்கும்.

குரல் இருக்கும்போது எழுத்து எதற்கு என்று கேட்கலாம். கேட்கிற சொல்லையே எழுத்திலும் பார்த்தால், கொஞ்சம் எழுத்துத் தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே படித்துப் பழகுவார்கள். 1999-இல் அகமதாபாத் தூர்தர்ஷனில் வந்த குஜராத்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் பாட்டு வரிகளைக் குஜராத்தியிலேயே கீழே ஓடவிட்டது இந்த எண்ணத்தில்தான். அதற்கு முயற்சி எடுத்தவர் அங்குள்ள ஐ.ஐ.எம்.மின் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி.

அனுப்புவதற்கு முன்

வாட்ஸ்அப்பில் வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். மெல்லிய எழுத்தின் புள்ளிகள் மங்கிப்போகும். தடித்த எழுத்தாக வைத்தால் தப்பிக்கும். தெளிவு குறையவே கூடாது என்றால் Document என்ற வழியில் அனுப்பலாம். எதுவானாலும் முதலில் ஒரே ஒருவருக்கு அனுப்பி, அவர் போனில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அதன் பிறகு குழுவுக்குப் போடுங்கள்.

சரி, அந்த உறுப்பினர் வந்தாரா என்று கேட்பீர்கள். வீடியோ போன மறு வாரம் வரவில்லை. ஆனால் தலைவிக்குப் போன் செய்தார். “எட்டு வரியும் நானே படிச்சேன்க்கா. பொண்ணைக் கூப்பிடல” என்றார். கடனைப் பற்றி எதுவும் பேசவில்லை. அந்த வாரமே இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தார். நின்ற தவணையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கட்டலாம் என்று அன்று தீர்மானம் எழுதினோம். வீடியோ மட்டும் அவரைக் கூட்டி வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனவர்களுக்குக் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் குழுவில் கவிதை எழுதி வீடியோ செய்யப் போகிறீர்களா? முதலில் ஒரு தாளும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு, உங்களில் மெதுவாகப் படிக்கிற அக்காவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். செய்து முடித்ததும், எந்த வரி எத்தனை வினாடி பிடித்தது என்று கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பகிர்ந்துகொள்வோம்.